கொலுசுப் பட்டறைக் கணக்கை வரைதல்: தரவுப் பாய்வு வரைபடம் எதற்கு, ஃப்ளோசார்ட் எதற்கு?

ஒரு தொழிலின் கணக்கைக் கணினிக்கு மாற்றும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் வாரத்திலேயே, "இந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு படம் போட்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலோர் பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் போட்டு ஒரு படத்தைக் கொண்டுவருவார்கள். அதில் சில அம்புகள் "அடுத்து இதைச் செய்" என்று சொல்லும். வேறு சில அம்புகள் "இந்தச் சீட்டு இங்கே போகிறது" என்று சொல்லும். இரண்டும் ஒரே படத்தில் கலந்துவிட்டால், அதைப் பார்த்து நிரல் எழுதுபவருக்கு எந்த அம்பு எதைக் குறிக்கிறது என்பது விளங்காது. ஃப்ளோசார்ட், தரவுப் பாய்வு வரைபடம் ஆகிய இரண்டையும் பிரித்து வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

ஃப்ளோசார்ட் வேலையின் வரிசையைக் காட்டுகிறது: எங்கே தொடங்குவது, அடுத்து என்ன, எந்த நிபந்தனையில் எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே முடிப்பது. தரவுப் பாய்வு வரைபடம் தகவலின் பயணத்தைக் காட்டுகிறது: எந்தத் தகவல் யாரிடமிருந்து வருகிறது, எந்தச் செயல் அதை மாற்றுகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது. முன்னதில் நேரமும் வரிசையும் உண்டு. பின்னதில் அவை இரண்டும் இல்லை. 1947-ல் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நியூமனும் கணினிக்கான கட்டளைகளைத் திட்டமிட ஃப்ளோசார்ட் போன்ற வரிசைப் படங்களைப் பயன்படுத்தினார்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளையை மட்டும் செய்யும் இயந்திரத்துக்கு அந்தப் படம் நன்றாகப் பொருந்தியது. பல பேர் பல இடங்களில் ஒரே சமயத்தில் இயங்கும் அலுவலகங்களையும் தொழில்களையும் ஆராய வேண்டி வந்தபோது அது போதவில்லை. 1970-களில் தரவுப் பாய்வு வரைபடம் பரவியதற்கு அதுவே காரணம்.

வேறுபாட்டை விளக்கத்தால் மட்டும் பிடித்துக்கொள்வது கடினம். ஆகவே சேலத்துக்காரர்களுக்குப் பழகிய ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு இரண்டு படங்களையும் வரைந்து பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட கணக்கு

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க் கடைக்காரர்கள் அவரிடம் ஆர்டர் கொடுக்கிறார்கள். அவர் வெள்ளிக் கம்பியை எடை போட்டுக் கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளர்களிடம் கொடுக்கிறார். சில நாள் கழித்து அவர்கள் கொலுசையும் மிஞ்சிய துண்டு, பொடியையும் கொண்டுவந்து எடை போட்டுத் தருகிறார்கள். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் இடையே சிறிது குறையும். அந்தக் குறைவு மாடலுக்கு ஏற்ற சேதார விகிதத்துக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். மீறினால் தொழிலாளியின் கணக்கில் வெள்ளிப் பாக்கியாக எழுதுவார்கள். கூலி சனிக்கிழமை தோறும் கொடுக்கப்படுகிறது. இதுவரை நோட்டில் இருந்த இந்தக் கணக்கு இனிக் கணினிக்கு வர வேண்டும்.

முதலில் எல்லையைப் போடுங்கள்

தரவுப் பாய்வு வரைபடத்தை நடுவில் ஒரே ஒரு வட்டத்தோடு தொடங்க வேண்டும். அந்த வட்டம் முழுக் கணக்கையும் குறிக்கிறது. சுற்றிலும் செவ்வகங்களாக வெளியாட்கள் நிற்கிறார்கள்: கடைக்காரர், தொழிலாளி, முதலாளியான கொலுசு வியாபாரி. எடை போட்டு எழுதும் கணக்குப்பிள்ளையை இங்கே செவ்வகமாகப் போடக் கூடாது. அவர் வட்டத்துக்கு உள்ளே நடக்கும் வேலையைச் செய்பவர். தகவலைத் தருபவரும் பெறுபவரும் மட்டுமே வெளியாட்கள். முதலாளி விகிதத்தை நிர்ணயித்துச் சொல்கிறார், பட்டியலைக் கேட்டு வாங்குகிறார் என்பதால் அவர் வெளியே நிற்கிறார்.

வரையத் தொடங்குமுன் ஒரு தாளில் வரவு போக்குகளை வரிசையாக எழுதிக்கொள்வது நல்லது. நம் கணக்குக்கு அது இப்படி அமையும்:

```
கடைக்காரர் → ஆர்டர் விவரம் → கணக்கு
தொழிலாளி → வரவு எடை விவரம் → கணக்கு
முதலாளி → கூலி, சேதார விகிதம் → கணக்கு
கணக்கு → வழங்கல் சீட்டு → தொழிலாளி
கணக்கு → கூலிச் சீட்டு → தொழிலாளி
கணக்கு → டெலிவரி பில் → கடைக்காரர்
கணக்கு → வெள்ளி நிலுவைப் பட்டியல் → முதலாளி
```

இந்தப் பட்டியலில் வெள்ளி ஒரு பொருளாக எங்கேயும் ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்பி தொழிலாளியிடம் போகிறது, கொலுசு திரும்பி வருகிறது. ஆனால் படத்தில் ஓடுவது வழங்கல் சீட்டும் எடை விவரமும்தான். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. "கொலுசு" என்று ஓர் அம்பின் மேல் எழுதத் தோன்றினால், அந்தக் கொலுசோடு சேர்ந்து என்ன தகவல் வருகிறது என்று கேட்டு அதை எழுதுங்கள். எந்தத் தகவலும் வரவில்லை என்றால் அம்பே தேவையில்லை.

வட்டத்தைப் பிரியுங்கள்

அடுத்த படத்தில் அந்த ஒற்றை வட்டத்தை உடைத்து உள்ளே நடக்கும் செயல்களைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண்ணும், என்ன செய்கிறது என்று சொல்லும் பெயரும் கொடுங்கள்: 1 ஆர்டரைப் பதிவு செய், 2 வெள்ளி வழங்கலைப் பதிவு செய், 3 வரவைச் சரிபார், 4 கூலியைக் கணக்கிடு, 5 டெலிவரி பில் தயாரி, 6 நிலுவைப் பட்டியல் எடு. தகவல் தங்கும் இடங்களை இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே எழுதுங்கள்: ஆர்டர் நோட்டு, வழங்கல் பேரேடு, வரவுப் பேரேடு, தொழிலாளர் கணக்கு, விகிதப் பட்டியல். நான் இங்கே சொல்வது யூர்டன், டெமார்கோ பெயரால் வழங்கும் குறியீட்டு முறை. கேன், சார்சன் முறையில் செயலுக்கு வட்டத்துக்குப் பதிலாக முனை வளைந்த செவ்வகத்தைப் போடுவார்கள். எதை எடுத்தாலும் ஒரு படத்தில் ஒன்றையே கடைப்பிடித்தால் போதும்.

இந்த வரைபடத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒவ்வொரு அம்பின் ஒரு முனையாவது ஒரு செயலைத் தொட வேண்டும். வெளியாளிடமிருந்து நேரே பேரேட்டுக்கோ, ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கோ அம்பு போகக் கூடாது. தகவல் தானாக நகராது, யாரோ ஒருவர் அதை எடுத்து எழுத வேண்டும். இந்த விதியை நம் படத்தில் பொருத்திப் பார்த்தால் உடனே ஒரு குறை தெரிகிறது. செயல் 3 விகிதப் பட்டியலைப் படிக்கிறது. செயல் 4-ம் படிக்கிறது. ஆனால் முதலாளி சொல்லும் விகிதத்தை அந்தப் பட்டியலில் எழுதும் செயல் நம் ஆறில் இல்லை. எல்லோரும் படிக்கும், யாரும் எழுதாத பேரேடாக அது நிற்கிறது. ஆகவே 7 விகிதத்தைப் புதுப்பி என்று ஒரு செயலைச் சேர்க்க வேண்டும். நிரலில் இதற்கென ஒரு திரை தேவை என்பது இப்போதுதான் தெரியவருகிறது. இதைத் தவறவிட்டிருந்தால் மென்பொருளைக் கொடுத்த பிறகு விகிதம் மாறும் ஒவ்வொரு முறையும் நிரலாளரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

எண்கள் வரிசையைக் குறிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 3-ம் செயல் முடிந்தவுடன் 4-ம் செயல் நடக்கும் என்று இந்தப் படம் சொல்லவில்லை. 3 என்பது தொழிலாளி வரும்போதெல்லாம் நடக்கிறது. 4 சனிக்கிழமை மட்டும் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே வரவுப் பேரேடு இருப்பதால் தகவல் அங்கே காத்திருக்க முடிகிறது. இரண்டு வட்டங்களை நேர் அம்பால் இணைத்தால், முதலாவது தந்த தகவலை இரண்டாவது அப்போதே வாங்கிக்கொள்ளும் என்று பொருளாகிவிடும். சனிக்கிழமைக் கூலியை அப்படி வரைந்தால் படம் பொய் சொல்லும்.

இந்தப் படம் மட்டுமே காட்டும் ஓட்டை

இனி ஒவ்வொரு வட்டமாக எடுத்து, "வெளியே போகும் தகவலை உண்டாக்க உள்ளே வரும் தகவல் போதுமா?" என்று கேளுங்கள். உள்ளே மட்டும் அம்பு வந்து எதுவும் வெளியே போகாத வட்டம் தவறு. எதுவும் உள்ளே வராமல் வெளியே மட்டும் அம்பு போகும் வட்டமும் தவறு. இவ்விரண்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மூன்றாவது வகைதான் கண்ணுக்குத் தப்பும்: உள்ளே ஏதோ வருகிறது, வெளியே ஏதோ போகிறது, ஆனால் வருவதைக் கொண்டு போவதைத் தயாரிக்க முடியாது.

நம் மூன்றாம் செயலைப் பாருங்கள். அதற்கு வழங்கிய எடை, வந்த எடை, சேதார விகிதம் ஆகியவை வருகின்றன. அது வெளியே தருவது தொழிலாளி பேரில் உள்ள வெள்ளிப் பாக்கி. எடையை மட்டும் வைத்து வெள்ளிப் பாக்கியைச் சொல்லிவிட முடியுமா? தொழில் தெரிந்த எவரும் முடியாது என்றே சொல்வார்கள், ஏனென்றால் டச் தெரிய வேண்டும். 80 டச் என்றால் 100 கிராமில் 80 கிராம் தூய வெள்ளி. 80 டச் கம்பியைக் கொடுத்து 965 கிராம் கொலுசு திரும்பி வருகிறது என்று வையுங்கள். அதே டச்சில் இருந்தால் அதில் 772 கிராம் தூய வெள்ளி இருக்கும். டச் 78-ஆக இறங்கியிருந்தால் 752.7 கிராம்தான். 19.3 கிராம் வெள்ளி குறைந்திருக்கிறது, தராசிலோ எந்த வித்தியாசமும் தெரியாது.

ஆகவே டச் பார்க்கும் கடை என்ற புதிய வெளியாள் படத்துக்குள் வருகிறார். அவரிடமிருந்து டச் அறிக்கை மூன்றாம் செயலுக்கு வருகிறது. வழங்கல் பேரேட்டிலும் கொடுத்த கம்பியின் டச்சை எழுத வேண்டியிருக்கிறது. சேர்த்த கையோடு முதல் படத்துக்குத் திரும்பிச் சென்று அங்கேயும் டச் கடையையும் டச் அறிக்கையையும் சேர்த்தாக வேண்டும். மேல் படத்தில் எல்லையைக் கடக்கும் அம்புகளும் கீழ்ப் படத்தில் எல்லையைக் கடக்கும் அம்புகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இந்த வரைபடத்தின் அடிப்படை ஒழுங்கு. அவசரத்தில் பலர் கீழ்ப் படத்தை மட்டும் திருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்; பிறகு மேல் படத்தைப் பார்த்து விலை பேசுபவர் டச் அறிக்கைக்கான வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்.

இதே கணக்கை முதலிலேயே ஃப்ளோசார்ட்டாக வரைந்திருந்தால் இந்த ஓட்டை தெரிந்திருக்காது. "எடையை ஒப்பிடு" என்று ஒரு பெட்டி போட்டு, அடுத்த பெட்டிக்குப் போயிருப்போம். அந்தப் பெட்டிக்குத் தேவையான தகவல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஃப்ளோசார்ட் கேட்பதே இல்லை.

இப்போது ஃப்ளோசார்ட்

தரவுப் பாய்வு வரைபடத்தில் இதற்கு மேல் உடைக்க வேண்டாத ஒரு வட்டத்தை எடுத்து, அதன் உள்ளே நடப்பதை ஃப்ளோசார்ட்டில் வரைய வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஒரு ஃப்ளோசார்ட், தலைப்பில் அந்த வட்டத்தின் எண். மூன்றாம் செயலில் எடை சரிபார்க்கும் பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம். அது இந்த இரண்டு கணக்குகளின் மேல் நிற்கிறது:

```
குறைவு = வழங்கிய எடை - (கொலுசு எடை + துண்டு, பொடி எடை)
அனுமதி = கொலுசு எடை × சேதார விகிதம் ÷ 100
```

முட்டை வடிவில் தொடக்கம். இணைகரத்தில் எடைகளை வாங்குகிறோம். செவ்வகத்தில் மேற்கண்ட கணக்கு. பிறகு சாய்சதுரத்தில் "குறைவு அனுமதியை மீறுகிறதா?" என்ற கேள்வி. இல்லை என்றால் வரவுப் பேரேட்டில் எழுதி முடிக்கலாம். ஆம் என்றால் மறுபடி எடை போட வேண்டும். அப்போதும் மீறினால் மீறிய அளவைப் பாக்கியாக எழுதி முடிக்க வேண்டும்.

வரைந்து முடித்ததும் எண்களை ஓட்டிப் பாருங்கள். சேதார விகிதம் 1.5 சதவீதம் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். வழங்கியது 1000 கிராம், கொலுசு 965, துண்டும் பொடியும் 23. குறைவு 12 கிராம், அனுமதி 14.475 கிராம், ஏற்றுக்கொள்ளலாம். துண்டும் பொடியும் 15 கிராம்தான் என்றால் குறைவு 20 ஆகிறது, 5.525 கிராம் மீறுகிறது. மறு எடைப் பாதையில் போகிறோம். அங்கே அம்பைத் திருப்பி எடை வாங்கும் இணைகரத்துக்கே விட்டிருந்தால், உண்மையிலேயே வெள்ளி குறைந்திருக்கும் தொழிலாளிக்கு இந்தச் சுற்று முடியவே முடியாது: எடை போடு, மீறுகிறது, எடை போடு, மீறுகிறது. ஆகவே "மறு எடை ஏற்கெனவே பார்த்தாயிற்றா?" என்று இன்னொரு சாய்சதுரம் வேண்டும். பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு அம்புக்கும் வெளியேறும் வழி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது ஃப்ளோசார்ட்டில் முதல் பரிசோதனை.

மூன்றாவதாகக் கொஞ்சம் முரண்டான எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். கொலுசு 965, துண்டும் பொடியும் 40 கிராம். மொத்தம் 1005, கொடுத்ததைவிட 5 கிராம் அதிகம். பற்றவைப்புக்குச் சேர்த்த பொடியாலோ, முந்தைய வேலையின் துண்டு கலந்ததாலோ இப்படி வரலாம். குறைவு இப்போது −5. அது அனுமதியை மீறவில்லை என்பதால் நம் சாய்சதுரம் "இல்லை" என்ற பக்கம் அனுப்பிவிடும். பிழை என்று எந்த அறிவிப்பும் வராது, வேறொரு வழங்கலின் கணக்கு மட்டும் எங்கோ இடிக்கும். அனுமதியோடு ஒப்பிடும் முன் "குறைவு பூஜ்ஜியத்துக்குக் கீழா?" என்ற கேள்வி வர வேண்டும் என்பது இதனால் தெரிகிறது. தரவுப் பாய்வு வரைபடத்தை எத்தனை முறை பார்த்தாலும் இது தென்பட்டிருக்காது. அங்கே "வரவைச் சரிபார்" என்ற வட்டம் முழுமையாகத்தான் இருந்தது.

வராத தகவலைத் தரவுப் பாய்வு வரைபடம் காட்டிக்கொடுத்தது. விட்டுப்போன கிளையையும் முடியாத சுற்றையும் ஃப்ளோசார்ட் காட்டிக்கொடுத்தது. எந்தப் படம் எப்போது என்று முடிவு செய்ய, உங்களுக்கு எந்த வகை ஓட்டையைப் பற்றிக் கவலை என்று கேட்டுக்கொள்ளலாம்.

கலந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள

உங்கள் படத்தில் ஏதாவது ஓர் அம்பைத் தொட்டு, அதன் மேல் என்ன எழுதலாம் என்று பாருங்கள். "வரவு எடை விவரம்", "டச் அறிக்கை" என்று ஒரு தகவலின் பெயர் பொருந்தினால் அது தரவுப் பாய்வு அம்பு. ஆம், இல்லை என்பதைத் தவிர எழுத எதுவும் இல்லையென்றால் அது ஃப்ளோசார்ட் அம்பு. தரவுப் பாய்வு வரைபடத்தில் "சரிபார்த்த பிறகு", "சனிக்கிழமை ஆனால்" என்று அம்பின் மேல் எழுதியிருந்தால் வரிசையும் நிபந்தனையும் உள்ளே நுழைந்துவிட்டன என்று பொருள். அவற்றை எடுத்து ஃப்ளோசார்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தரவுப் பாய்வு வரைபடத்தில் சாய்சதுரத்துக்கு இடமே இல்லை.

வடிவங்களும் ஏமாற்றும். ஃப்ளோசார்ட்டில் செவ்வகம் ஒரு செயல். தரவுப் பாய்வு வரைபடத்தில் அதே செவ்வகம் ஒரு வெளியாள். ஃப்ளோசார்ட்டில் சிறு வட்டம் ஓரிடத்தில் நின்ற கோட்டை இன்னோர் இடத்தில் தொடரும் இணைப்புக் குறி. தரவுப் பாய்வு வரைபடத்தில் வட்டம்தான் செயல். இரண்டு படங்களையும் ஒரே தாளில் வரையாமல் இருப்பதும், ஒவ்வொன்றின் தலையிலும் எந்த வகைப் படம் என்று எழுதிவைப்பதும் நல்ல பழக்கம்.

எதற்கு எது

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை நீக்குவது, தோல் உரிப்பது, புளிக்கவிடுவது, கொட்டையின் மேலுள்ள வழவழப்பு போய்விட்டதா என்று கையால் தேய்த்துப் பார்ப்பது, போகவில்லை என்றால் இன்னும் காத்திருப்பது, பிறகு கழுவி உலர்த்துவது என்ற வேலையைப் புதிய ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க ஃப்ளோசார்ட் போதும். அங்கே வரிசை உண்டு, ஒரு கேள்வி உண்டு, ஒரு சுற்று உண்டு. தகவல் பரிமாற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அதே தோட்டத்தில் ஒவ்வொருவரும் பறித்த பழத்தின் எடை மேஸ்திரியின் நோட்டிலிருந்து ஆபீஸுக்கும், அங்கிருந்து கூலிப் பட்டியலுக்கும், முதலாளியின் அறிக்கைக்கும் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் தரவுப் பாய்வு வரைபடம்தான் வேண்டும். அங்கே யார் முதலில், யார் பிறகு என்பது அவ்வளவு முக்கியமில்லை.

கணினிக்குப் புதிதாக ஒரு கணக்கைக் கொண்டுவரும்போது, ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தகவல் தருவதாகவோ பெறுவதாகவோ இருந்தால் தரவுப் பாய்வு வரைபடத்தை முதலில் வரையுங்கள் என்பதே என் கருத்து. எல்லை தெரியாமல் ஃப்ளோசார்ட்டில் இறங்கினால் ஒரு மூலையிலேயே பல பக்கங்கள் நிரம்பிவிடும். ஒருவர் தனியாகச் செய்யும் ஒரே கணக்கு, ஒரே நிரல் துண்டு என்றால் நேரே ஃப்ளோசார்ட்டுக்குப் போகலாம்.

இரண்டுமே பொருந்தாத இடமும் உண்டு. சேதார அனுமதி மாடலையும், கம்பியின் டச்சையும், தொழிலாளி புதியவரா பழையவரா என்பதையும், அவசர ஆர்டரா என்பதையும் பொறுத்து மாறுகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடை என்றாலும் நான்கு கேள்விகளுக்குப் பதினாறு சேர்க்கைகள் வந்துவிடும். சாய்சதுரங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிளைத்து யாருக்கும் படிக்க முடியாமல் போகும். அப்போது நிபந்தனைகளை மேல் வரிசைகளிலும், முடிவுகளைக் கீழ் வரிசைகளிலும், சேர்க்கைகளைப் பத்திகளிலும் போட்டு ஒரு தீர்மான அட்டவணை எழுதுங்கள். விட்டுப்போன சேர்க்கை காலிப் பத்தியாக நிற்கும். அதை முதலாளியிடம் காட்டி, "இதற்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள், ஃப்ளோசார்ட்டில் அந்த இடத்தில் "அட்டவணைப்படி அனுமதியைக் கணக்கிடு" என்று ஒரே ஒரு செவ்வகம் இருந்தால் போதும்.